தவணை அட்டவணை இல்லாத கடன் ஒப்பந்தம்: எதைக் கேட்டு உறுதி செய்வது?

தெரிந்தவர் ஒருவர் தன் வீட்டுக் கடன் ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "வட்டி ஃபிக்ஸடா ஃப்ளோட்டிங்கா, இருபது வருஷத்துல முடிஞ்சிடுமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். பக்கம் பக்கமாக நிபந்தனைகள். ஆனால் பணம் கட்டும் விஷயம் வரும் இடத்தில் எல்லாம் ஒரே வரிதான்: "இணைப்பில் உள்ள அட்டவணைப்படி." அந்த இணைப்பு மட்டும் வந்த கோப்பில் இல்லை.

அது இல்லாமல் அவர் கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடியும். ஒப்பந்தத்தில் இருப்பது விதி. அட்டவணையில் இருப்பது எண். வட்டி எப்படி நிர்ணயிக்கப்படும், தவறினால் என்ன அபராதம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வரும். எந்தத் தேதியில் எவ்வளவு தவணை, அதில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு, கட்டிய பிறகு மீதி எவ்வளவு என்பது அட்டவணையில் வரும். இது இல்லாததால் வரும் சிக்கல் நிலையான வட்டியில் ஒரு மாதிரி, மாறும் வட்டியில் வேறு மாதிரி.

நிலையான வட்டி (ஃபிக்ஸட்)

கடன் முடியும்வரை வட்டி விகிதம் மாறாது. அதனால் முதல் நாள் கொடுக்கும் அட்டவணையே கடைசி வரை செல்லும். அட்டவணை இல்லாத இடத்தில் இரண்டு விஷயம் ஒளிந்துகொள்ளலாம்.

ஒன்று, 'ஃபிக்ஸட்' என்பது எத்தனை வருஷத்துக்கு? முதல் இரண்டு, மூன்று வருஷம் மட்டும் நிலையாக வைத்து, பிறகு மாறும் வட்டிக்குப் போகும் கடன்கள் உண்டு. "நிலையான வட்டியையும் வங்கி மாற்றலாம்" என்று ஒரு ஷரத்து உள்ளே இருந்தால் அது பெயருக்குத்தான் ஃபிக்ஸட்.

இரண்டாவது, வட்டி எதன் மேல் கணக்கிடப்படுகிறது? 5 லட்சம், 5 வருஷம், 10% என்று வைத்துக்கொள்வோம். குறையும் மீதிக்கு மட்டும் வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 10,620 ரூபாய். முழு அசலுக்கும் ஐந்து வருஷ வட்டியைச் சேர்த்து அறுபதால் வகுத்தால், அதாவது 'ஃப்ளாட்' வட்டி என்றால், 12,500 ரூபாய். இரண்டுக்கும் பேர் 10%தான். ஆனால் இரண்டாவதைக் குறையும் மீதிக் கணக்கில் சொன்னால் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது. அட்டவணையில் மாதாமாதம் வட்டிப் பகுதி குறைந்து அசல் பகுதி கூடுகிறதா என்று பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

மாறும் வட்டி (ஃப்ளோட்டிங்)

இந்தியாவில் வங்கிகள் 2019 அக்டோபர் 1 முதல் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் அது ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம். ரெப்போ 6%, அதன் மேல் வங்கி வைக்கும் 'ஸ்ப்ரெட்' 2.5% என்றால் உங்கள் வட்டி 8.5%. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது இது மறுநிர்ணயம் ஆக வேண்டும்.

அப்போ அட்டவணை எப்படியும் மாறத்தானே போகுது, எதுக்கு வேணும்? ஒப்பிட்டுப் பார்க்கத்தான். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டலாம், அல்லது தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டலாம். இரண்டாவது நடந்தால் வங்கிக் கணக்கில் அதே தொகைதான் பிடிப்பார்கள், எதுவும் மாறின மாதிரியே தெரியாது. கணக்கு போட்டுப் பார்ப்போம்.

30 லட்சம், 240 மாதம், 8.5%. தவணை 26,035 ரூபாய். முதல் மாத வட்டி மட்டும் 21,250. அசலில் கழிவது 4,785தான். ஒரு வருஷம் கட்டி முடித்தபின் மீதி சுமார் 29.40 லட்சம், மிச்சம் 228 தவணை. இப்போது வட்டி 9.5% ஆகிறது.

தவணையைக் கூட்டினால், மாதம் சுமார் 27,900 ரூபாய்; 228 மாதத்திலேயே முடியும். மொத்தத்தில் கூடுதலாகக் கட்டுவது ஏறக்குறைய 4.25 லட்சம்.

காலத்தை நீட்டினால், தவணை அதே 26,035. ஆனால் 228 மாதம் 285 ஆகிறது. கூடுதலாகக் கட்டுவது ஏறக்குறைய 14.75 லட்சம்.

மாதம் 1,865 ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு, கடைசியில் பத்து லட்சத்துக்கு மேல் விலை. நீங்களே எக்செலில் போட்டுப் பார்க்கலாம்:

```
=PMT(8.5%/12, 240, -3000000)
=NPER(9.5%/12, -26035, 2940290)
```

இதே கடனில் வட்டி 10.6 சதவீதத்தைத் தாண்டினால் 26,035 ரூபாய் அந்த மாத வட்டிக்கே போதாது. கட்டக் கட்ட அசல் கூடும். இது வெறும் கற்பனை இல்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. அதன் பிறகுதான், 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையில், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்ற தேர்வைக் கடனாளிக்குத் தர வேண்டும், நீட்டுவதால் அசல் கூடும் நிலை வரக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிச்சத் தவணைகளின் எண்ணிக்கையோடு அறிக்கை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. முதல் அட்டவணை கையில் இருந்தால்தான் அந்த எண்ணிக்கை சரியா தப்பா என்று சொல்ல முடியும்.

எதை உறுதி செய்வது?

முதலில் விடுபட்ட இணைப்பைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ அனுமதியான தனிநபர் தவணைக் கடன் என்றால் கேட்க வேண்டிய காகிதத்துக்குப் பெயர் உண்டு: 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்'. செலவுகள் எல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதமும் முழுத் தவணை அட்டவணையும் அதில் இருக்க வேண்டும். கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. அதில் சொல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது.

அதோடு மின்னஞ்சலில் இவற்றைக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். கிளையில் வாயால் சொல்வது பிறகு உதவாது.

1. வட்டி கடன் முழுக்க நிலையானதா, சில வருஷம் மட்டுமா? மாறும் தேதி எது?
2. மாறும் வட்டி என்றால் அளவுகோல் எது, ஸ்ப்ரெட் எவ்வளவு, மறுநிர்ணயத் தேதி எது?
3. வட்டி ஏறினால் தவணை கூடுமா, காலம் நீளுமா? நான் எதுவும் சொல்லாவிட்டால் வங்கி எதைச் செய்யும்?
4. வட்டி குறைந்தால் பலன் தவணையில் வருமா, காலத்திலா?
5. முன்கூட்டியே கட்டினால் கட்டணம் உண்டா? தொழிலுக்கு அல்லாத தனிநபர் கடனில், மாறும் வட்டி என்றால் வங்கி இதை வசூலிக்க முடியாது. நிலையான வட்டியில் வசூலிக்கலாம்.

இன்னும் கையெழுத்து போடவில்லை என்றால், அட்டவணை வரும்வரை போட வேண்டாம். இணைப்புப் பக்கம் காலியாக இருந்து "பிறகு நிரப்பிக்கொள்வோம்" என்றாலும் இதேதான். ஏற்கெனவே போட்டாயிற்று என்றாலும் நகல் கேட்கலாம். எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம்.

அட்டவணை வந்ததும் முதல் வரியில் உள்ள வட்டியைப் பாருங்கள். அது அசல் × வட்டி விகிதம் ÷ 12 என்ற கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். (பணம் தந்த தேதியைப் பொறுத்து முதல் மாதம் மட்டும் நாள் கணக்கில் கொஞ்சம் மாறலாம், அப்போது இரண்டாம் மாதத்தைப் பாருங்கள்.) பிறகு கடைசி வரி: தேதி எது, மீதி பூஜ்ஜியமா? அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் அது நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.