தலைவலியும் தைராய்டும்: எப்போது பரிசோதனை தேவை?

தொடர்ந்து தலைவலிக்கிறது என்று மருத்துவமனைக்கு வருவோரில் பலர், "தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?" என்று கேட்கின்றனர். சிலருக்கு அது தேவையான கேள்விதான். தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரப்பதால் தலைவலி வரக்கூடும். ஆனால் தலைவலியும் தைராய்டு குறைவும் மக்களிடையே மிகப் பரவலாகக் காணப்படுபவை. இரண்டும் ஒருவரிடமே இருப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

குறை தைராய்டு நிலையில் வரும் தலைவலி

சர்வதேச தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில், குறை தைராய்டு நிலையால் வரும் தலைவலி ஒரு தனி வகையாகவே இடம்பெற்றுள்ளது. இந்த வலி பெரும்பாலும் தலையின் இருபுறமும் இருக்கும். துடிப்பது போல இராமல், கனமாக அழுத்திக்கொண்டே நாள் முழுவதும் நீடிக்கும். குமட்டலும் வாந்தியும் பொதுவாக இருப்பதில்லை. ஆயினும் வலியின் தன்மையைக் கொண்டு மட்டும் இதை உறுதி செய்ய இயலாது. மன அழுத்தம், தூக்கமின்மை ஆகியவற்றுடன் வரும் சாதாரண இறுக்கத் தலைவலியும் ஏறக்குறைய இப்படியே இருக்கும்.

ஆகவே உடலில் நிகழும் பிற மாற்றங்களையும் கவனிக்க வேண்டும். காரணமற்ற சோர்வு, பிறரைவிட அதிகமாகக் குளிர்வது, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், உணவு கூடாமலே எடை கூடுதல், மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, குரல் கரகரத்தல், நாடித்துடிப்பு குறைதல் ஆகியவற்றில் சில, தலைவலி தொடங்கிய காலத்தையொட்டியே வந்திருந்தால் பரிசோதனை செய்வது பொருத்தமானது. கழுத்தின் முன்புறம் வீக்கம் இருந்தாலும், முன்பு தைராய்டு அறுவை சிகிச்சையோ கதிரியக்க அயோடின் சிகிச்சையோ பெற்றிருந்தாலும், குழந்தை பெற்று ஓராண்டுக்குள் இத்தகைய மாற்றங்கள் தோன்றியிருந்தாலும், லித்தியம் அல்லது அமியோடரோன் மருந்து உட்கொண்டு வந்தாலும் அவ்வாறே.

இவற்றில் எதுவும் இல்லாமல், பல ஆண்டுகளாக ஒரே விதமாக வந்து போகும் தலைவலிக்குத் தைராய்டு பரிசோதனை எடுப்பதால் பெரும்பாலும் பயன் இல்லை.

இரு சகோதரிகள்

இந்த வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 41 வயதுப் பெண் ஒருவருக்கு ஐந்து மாதங்களாகத் தலையைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியது போன்ற வலி. அதற்கு முன் அவருக்குத் தலைவலித் தொல்லை இருந்ததில்லை. அதே காலத்தில் எடை 4 கிலோ கூடியது, மலச்சிக்கல் ஏற்பட்டது, பகலிலும் தூக்கம் வந்தது. வயதாகிவிட்டது, அதனால்தான் இப்படி என்று அவர் எண்ணியிருந்தார். இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவு 36 இருந்தது. பெரும்பாலான ஆய்வகங்களில் இதன் இயல்பு அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை ஆகும். ஃப்ரீ டி4 அளவும் குறைந்திருந்தது. சுரப்பி சோர்ந்துவிட்டது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை மேலும் மேலும் தூண்டிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள்.

அவருக்குத் தைராக்சின் மாத்திரை தொடங்கப்பட்டது. முதல் இரண்டு வாரங்களில் தலைவலியில் மாற்றம் இல்லை. பலர் மாத்திரையை நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். 11 ஆகக் குறைந்தது. தலைவலியும் வாரத்திற்கு இரண்டு நாள் என்ற அளவுக்கு வந்தது. மருந்தின் அளவு கூட்டப்பட்டது. அடுத்த ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். இயல்பு நிலைக்கு வந்தது, தலைவலியும் நின்றது. தைராய்டு குறைந்தபோது தொடங்கி, அது சீரானபோது வலியும் அகன்றதால், காரணம் தைராய்டுதான் என்று இப்போது கூற முடிந்தது. பரிசோதனை அறிக்கை வந்த நாளில் அதை உறுதியாகக் கூற இயலவில்லை.

அக்காவுக்கு ஆனது தமக்கும் இருக்கும் என்று 34 வயதுத் தங்கையும் பரிசோதனை செய்துகொண்டார். அவருக்குக் கல்லூரிக் காலம் முதலே மாதம் மூன்று நான்கு முறை தலையின் ஒரு பக்கம் துடித்து வலிக்கும், வாந்தி வரும், வெளிச்சம் பிடிக்காது. அவருடைய டி.எஸ்.எச். 5.8, ஃப்ரீ டி4 இயல்பு. தமக்கும் மாத்திரை வேண்டும் என்று அவர் கேட்டார். மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்த்தபோது டி.எஸ்.எச். 3.9 ஆக இருந்தது. இத்தகைய சிறிய உயர்வு பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். அவருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி. அதற்குரிய தடுப்பு மருந்துதான் அவருக்குப் பயன் தந்தது. முதல் அறிக்கையைப் பார்த்தவுடன் தைராக்சின் கொடுத்திருந்தால், ஒற்றைத் தலைவலிக்கான சிகிச்சை பல மாதங்கள் தள்ளிப்போயிருக்கும்.

மிகை தைராய்டு நிலையில்

மிகை தைராய்டு நிலையால் வரும் தலைவலி என்று அந்த வகைப்பாட்டில் தனி வகை இல்லை. எனினும் படபடப்பு, கை நடுக்கம், அதிக வியர்வை, வெப்பத்தைத் தாங்க இயலாமை, நன்கு உண்டும் எடை குறைதல் ஆகியவற்றுடன் சிலருக்குத் தலைவலியும் வருகிறது. ஏற்கெனவே உள்ள தலைவலி இக்காலத்தில் கடுமையாகலாம். கண்கள் பிதுங்கி, கண்ணுக்குப் பின்னால் வலித்தால் அது தைராய்டு சார்ந்த கண் நோயாக இருக்கலாம். கண் மருத்துவரையும் காண வேண்டும். தைராக்சின் உட்கொள்வோருக்குப் புதிதாகத் தலைவலியும் படபடப்பும் தோன்றினால், மருந்தின் அளவு மிகுந்துவிட்டதா என்று பார்ப்பது அவசியம்.

பரிசோதனைக்குச் செல்லும்போது

தொடக்கத்தில் டி.எஸ்.எச். ஒன்றே பெரும்பாலும் போதும். அது மாறியிருந்தால் ஃப்ரீ டி4 பார்க்கப்படும். இதற்காக உணவு உண்ணாமல் இருக்க வேண்டியதில்லை. முடி, நகம் ஆகியவற்றுக்கென விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகளை உட்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் கூறி, குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். பயோட்டின் சில ஆய்வக முறைகளில் பொய்யான முடிவைக் காட்டி, இல்லாத மிகை தைராய்டு நிலையை இருப்பதாக எண்ணவைக்கும்.

வலிநிவாரணி மாத்திரைகளை மாதத்தில் எத்தனை நாள் உட்கொள்கிறீர்கள் என்பதையும் குறித்துச் செல்லுங்கள். மாதம் 15 நாட்களுக்கு மேல் உட்கொண்டால் அம்மாத்திரைகளே தலைவலியை நீடிக்கச் செய்யலாம். சில வகை மாத்திரைகளுக்கு 10 நாட்களே போதும். அவ்வாறானால் தைராய்டு சீரான பிறகும் வலி நிற்காது. காலையில் எழும்போதே தலைவலியும், இரவில் பலத்த குறட்டையும் இருந்தால் அதையும் கூறுங்கள். தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கு உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோயும் ஏற்படலாம். அதுவும் தலைவலி தரும்.

ஃப்ரீ டி4 குறைந்திருந்தும் டி.எஸ்.எச். உயராமல் இருந்தால், குறை பிட்யூட்டரியில் இருக்கலாம். அங்குள்ள கட்டியே தலைவலிக்கும் காரணமாகலாம் என்பதால், பக்கவாட்டுப் பார்வை குறைகிறதா, மாதவிடாய் நின்றுள்ளதா என்று மருத்துவர் கேட்பார், எம்.ஆர்.ஐ. பரிசோதனையும் தேவைப்படும்.

திடீரென நொடிகளில் உச்சத்தை அடையும் தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்குதல், வலிப்பு, கர்ப்ப காலத்தில் கடும் தலைவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் தைராய்டு அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.