அரை நிமிடத்தில் ரிசர்வ் வங்கி

2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா மும்பையில் தன் நிதிக்கொள்கை அறிக்கையை வாசிக்கத் தொடங்கினார். நிதிக்கொள்கைக் குழுவின் தீர்மானமும் அன்றே தனியாக வெளியானது. உலகப் பொருளாதார நிலவரம், பருவமழை எதிர்பார்ப்பு, பணவீக்க மதிப்பீடு, காலாண்டு வாரியாக வளர்ச்சிக் கணிப்பு எனப் பக்கம் பக்கமாக நீளும் ஆவணங்கள் அவை. வானொலிச் செய்தியறிக்கையில் இந்த ஒரு செய்திக்குக் கிடைக்கும் நேரம் அரை நிமிடம்தான்.

தமிழ்ச் செய்தியை நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொற்கள் போகும். வாசிப்பவரைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். அப்படியானால் அரை நிமிடத்துக்கு ஐம்பது சொற்கள். அறிக்கையைச் சுருக்கிக்கொண்டே போனால் இந்த அளவுக்கு வந்து சேர முடியாது. முழுவதையும் படித்து, மூடிவைத்துவிட்டு, கேட்பவருக்குப் போய்ச் சேர வேண்டியது என்ன என்று முடிவுசெய்து புதிதாக எழுத வேண்டும்.

தீர்மானத்தின் முக்கிய வாக்கியத்தை அப்படியே தமிழாக்கினால் ஏறக்குறைய இப்படி வரும்: “தற்போதைய பொருளாதாரச் சூழலையும் உருவாகிவரும் போக்குகளையும் மதிப்பிட்ட பின்னர், ஜூன் 4 முதல் 6 வரை கூடிய நிதிக்கொள்கைக் குழு, பணப்புழக்கச் சீராக்க வசதியின் கீழான ரெப்போ விகிதத்தை உடனடியாக நடைமுறைக்கு வரும் வகையில் 50 அடிப்படைப் புள்ளிகள் குறைத்து 5.50 சதவீதமாக நிர்ணயிக்க முடிவு செய்துள்ளது.”

இதில் பிழை எதுவும் இல்லை. கண்ணால் படிப்பவர் திரும்பப் போய்ப் பார்த்துப் புரிந்துகொள்வார். காதால் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. தமிழில் வினை கடைசியில் வருவதால், வட்டி கூடியதா குறைந்ததா என்பது தெரிய வாக்கியத்தின் முக்கால் பங்கைக் கடக்க வேண்டியிருக்கிறது. அதுவரை காதில் விழுந்த தேதியும் குழுவின் பெயரும் வசதியின் பெயரும் எதற்காகச் சொல்லப்பட்டன என்று தெரியாமலே நழுவிப்போகும். அடுப்படியில் தாளித்துக்கொண்டே கேட்பவருக்கு மிஞ்சுவது “ரிசர்வ் வங்கி என்னமோ சொல்லியிருக்கு” என்பதுதான். ஆகவே முதல் வாக்கியம் மிகச் சின்னதாக, வினையைச் சீக்கிரம் எட்டுவதாக இருக்க வேண்டும். “ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துள்ளது.” நான்கே சொற்கள். விவரமெல்லாம் இதன் பிறகு வரட்டும்.

அடுத்தது எண்கள். அன்றைய ஆவணங்களில் பல விகிதங்கள் இருந்தன. ரெப்போ 5.50. அதை ஒட்டி நிலையான வைப்பு வசதி 5.25, விளிம்புநிலைக் கடன் வசதி 5.75. பணவீக்கக் கணிப்பு 3.7, வளர்ச்சிக் கணிப்பு 6.5. ஐந்தையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒன்றுகூட மனதில் நிற்காது. ஒரு செய்தியில் காது பத்திரமாக வாங்கிக்கொள்வது ஒரு ஜோடி எண்தான் என்பது என் கணிப்பு. அந்த ஜோடி, பழைய விகிதமும் புதிய விகிதமும்.

“ரெப்போ வட்டி அரை சதவீதம் குறைப்பு” என்று எழுதக் கை போகும். நான் அதைத் தவிர்க்கவே சொல்வேன். ஆறு சதவீத வட்டி ஐந்தரை ஆவது பன்னிரண்டில் ஒரு பங்கு குறைவு. அதாவது எட்டு சதவீதத்துக்கும் மேல். குறைந்தது அரை சதவீதப் புள்ளிதான். புள்ளி என்ற சொல்லை விட்டால் கணக்கு தப்பு, சேர்த்தால் கேட்பவருக்குக் குழப்பம். “ஆறு சதவீதத்திலிருந்து ஐந்தரை சதவீதமாக” என்று எழுதிவிட்டால் இரண்டும் தீர்ந்தது. வாசிப்பாளரின் தாளிலும் 5.50 என்று இருக்கக் கூடாது. அவர் “ஐந்து புள்ளி ஐந்து பூஜ்யம்” என்று வாசிக்கத் தொடங்கினால் திருத்த நேரம் இருக்காது. “ஐந்தரை” என்று எழுத்தாலேயே இருக்கட்டும்.

ரொக்கக் கையிருப்பு விகிதத்தில் வேறொரு கண்ணி இருந்தது. வங்கிகள் தங்கள் வைப்புத்தொகையில் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய ரொக்கத்தின் பங்கு அது. நான்கு சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறையும் என்று ஆளுநர் அறிவித்தார். ஆனால் அது அன்றே குறையவில்லை. செப்டம்பர் 6, அக்டோபர் 4, நவம்பர் 1, நவம்பர் 29 என நான்கு தவணைகளில், ஒவ்வொன்றிலும் கால் சதவீதப் புள்ளியாக. “ரெப்போ வட்டியும் ரொக்கக் கையிருப்பு விகிதமும் குறைக்கப்பட்டுள்ளன” என்று ஒரே வினையில் இரண்டையும் முடிச்சுப் போட்டால், கேட்பவர் இரண்டும் இன்றைக்கே நடந்ததாக எடுத்துக்கொள்வார். சுருக்கும்போது வரும் தவறுகளில் பாதி இப்படித்தான் வருகின்றன. சொன்ன எண்கள் சரியாக இருக்கும், காலம் தப்பிப்போகும்.

அன்றைய அறிக்கையில் மிகக் கனமான செய்தி எண்ணில் இல்லை. குழு தன் நிலைப்பாட்டை “இணக்கம்” என்பதிலிருந்து “நடுநிலை” என்று மாற்றிக்கொண்டது. பிப்ரவரியிலிருந்து வேகமாக ஒரு சதவீதப் புள்ளி குறைத்தாகிவிட்டது, வளர்ச்சிக்கு உதவ நிதிக்கொள்கைக்கு இனி மிகக் குறைந்த இடமே இருக்கிறது என்று காரணமும் சொன்னது. வீட்டுக் கடன் வாங்க நினைப்பவருக்கு இது ரெப்போ விகிதத்துக்குச் சமமான தகவல். “இன்னும் குறையட்டும், பொறுப்போம்” என்று இருப்பவர் அறிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஆனால் “நிலைப்பாடு நடுநிலை ஆனது” என்று வாசித்தால் யாருக்கும் எதுவும் விளங்காது. காரணத்தைச் சொன்னால் விளங்கும்.

இவ்வளவும் தீர்மானமான பிறகு ஸ்கிரிப்ட் இப்படி அமைகிறது:

“ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துள்ளது. வங்கிகளுக்கு அது தரும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டி, ஆறு சதவீதத்திலிருந்து ஐந்தரை சதவீதமாகக் குறைகிறது. ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா மும்பையில் இன்று இதை அறிவித்தார். குறைப்பு உடனே நடைமுறைக்கு வருகிறது. பிப்ரவரி மாதத்திலிருந்து இது மூன்றாவது குறைப்பு. இனி வட்டியைக் குறைக்க மிகக் குறைந்த இடமே உள்ளதாக ரிசர்வ் வங்கி கூறியுள்ளது. வங்கிகள் ரிசர்வ் வங்கியில் கட்டாயம் வைக்க வேண்டிய ரொக்கத்தின் அளவும், செப்டம்பர் மாதம் தொடங்கி நான்கு கட்டங்களாகக் குறைக்கப்படும்.”

ஐம்பத்தேழு சொற்கள் ஆகிவிட்டன. வாய்விட்டுப் படித்துக் கடிகாரம் பார்த்தால் அரை நிமிடத்தைச் சற்றே தாண்டும். அதனால்தான் ரொக்கக் கையிருப்பு கடைசியில் நிற்கிறது. ஒலிப்பதிவு அறையில் நேரம் நெருக்கினால் அந்த வாக்கியத்தை அப்படியே வெட்டலாம், மிச்சச் செய்தி கலையாமல் நிற்கும். வாய்விட்டுப் படிப்பது நேரம் பார்க்க மட்டும் உதவுவதில்லை. மூச்சு முட்டும் இடமும் நாக்கு இடறும் இடமும் அப்போதுதான் பிடிபடும்.

விட்டதும் உண்டு. குழுவின் ஆறு பேரில் சௌகதா பட்டாச்சார்யா மட்டும் கால் சதவீதப் புள்ளி குறைத்தால் போதும் என்று வாக்களித்தார். அது நாளிதழில் ஒரு பத்திக்கு உரிய செய்தி, இங்கே இடமில்லை.

“வீட்டுக் கடன் தவணை குறைகிறது” என்ற வாக்கியத்தைச் சேர்க்கத்தான் மனம் மிகவும் விரும்பும். கேட்பவருக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்த கடன்களுக்கு வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். நிலையான வட்டியில் வாங்கியவருக்கு இந்தக் குறைப்பால் தவணை மாறாது. ஆகவே காலைச் செய்தியில் அந்த வாக்கியம் கிடையாது. ஏதாவதொரு வங்கி தன் வட்டியைக் குறைப்பதாக மாலைக்குள் அறிவித்தால், ரொக்கக் கையிருப்பு வாக்கியத்தை எடுத்துவிட்டு, அந்த வங்கியின் பெயரோடு இதை அங்கே வைக்கலாம்.