எண்பது சென்ட் உயர்ந்தால் எத்தனை வேலை போகும்?

1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. அன்றைக்கு அந்த நாட்டின் எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. சட்டம் இயற்றியது 1990-இல். அது அமலுக்கு வருவதற்குள் பொருளாதார மந்தம் வந்துவிட்டது. உயர்வை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துத் தரலாம் என்று சட்டமன்றம் பின்வாங்கப் பார்த்தது. மாநில ஆளுநர் ஒப்புக்கொள்ளவில்லை. (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர்.) டெலவேர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பென்சில்வேனியாவிலோ கூலி பழைய 4.25 டாலரிலேயே நின்றது.

இப்படி ஒரு வாய்ப்பு பொருளாதார அறிஞர்களுக்கு லேசில் கிடைப்பதில்லை. இரு கரையிலும் ஒரே மாதிரி ஊர்கள், ஒரே மாதிரி கடைகள், ஒரே மந்தம். வேறுபாடு கூலியில் மட்டும்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் ஆராய எடுத்துக்கொண்டவை துரித உணவுக் கடைகள். பர்கர் கிங், கே.எஃப்.சி., வெண்டிஸ், ராய் ரோஜர்ஸ் என்ற நான்கு நிறுவனங்களின் கிளைகள், மொத்தம் 410. உயர்வுக்குச் சில வாரங்கள் முன்பு கடைகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, முழுநேர ஆட்கள் எத்தனை பேர், பகுதிநேர ஆட்கள் எத்தனை பேர், தொடக்கக் கூலி என்ன, ஒரு சாப்பாட்டின் விலை என்ன என்று கேட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் அதே கேள்விகளோடு மறுபடி அழைத்தார்கள். போனில் பிடிகொடுக்காத கடைகளுக்கு ஆளையே நேரில் அனுப்பினார்கள். மூடிப்போன கடைகளையும் விட்டுவிடாமல், அங்கே வேலை பூஜ்யம் என்று குறித்தார்கள். பகுதிநேர ஆள் ஒருவரை அரை ஆளாகக் கணக்கிட்டார்கள்.

பாடப்புத்தகம் என்ன சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தப் பொருளும் விலை ஏறினால் விற்பனை குறையும், உழைப்பும் அப்படியே. கூலியை ஏற்றினால் முதலாளி ஆளைக் குறைப்பார். கிடைத்த எண்கள் அப்படி வரவில்லை. நியூஜெர்சியில் ஒரு கடையின் சராசரி 20.44 ஆளிலிருந்து 21.03 ஆளாகக் கொஞ்சம் கூடியிருந்தது. பென்சில்வேனியாவில் 23.33 ஆக இருந்தது 21.17 ஆகக் குறைந்திருந்தது. ஒரு மாநிலத்தின் மாற்றத்திலிருந்து மற்றதன் மாற்றத்தைக் கழித்தால், கூலி ஏறிய பக்கத்தில் கடைக்கு 2.76 ஆள் அதிகம் என்று விடை வந்தது.

சண்டையின் வேர் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அந்த 2.76-இல் பெரும்பகுதி நியூஜெர்சியில் நடந்ததால் வந்ததல்ல, பென்சில்வேனியாவில் நடந்ததால் வந்தது. கூலி ஏறாமல் இருந்திருந்தால் நியூஜெர்சியிலும் அதே அளவு ஆள் குறைந்திருக்கும் என்று நம்பினால்தான் அந்த விடை நிற்கும். அக்கரைக் கடைகளுக்கு வேறு ஏதேனும் காரணத்தால் வியாபாரம் படுத்திருந்தால், கணக்கும் படுத்துவிடும். நடக்காத ஒன்று நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் போய் எண்ணிப் பார்க்க முடியாது. குறைந்தபட்சக் கூலியைப் பற்றிய எந்தச் சச்சரவும் கடைசியில் இங்கேதான் வந்து முட்டுகிறது.

1994-இல் கட்டுரை வெளியானதும் எதிர்ப்பு சீறிக்கொண்டு வந்தது. அவற்றில் கனமானது டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் இருவருடையது. கடை நெரிசலில் போனை எடுக்கும் மேலாளர் சொல்லும் ஆள் கணக்கை எப்படி நம்புவது என்று கேட்டு, அவர்கள் கடைகளின் சம்பளப் பதிவேடுகளைத் திரட்டினார்கள். அதில் நியூஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பதிவேடுகளில் ஒரு பகுதி, கூலி உயர்வை எதிர்த்து வந்த ஓர் அமைப்பின் வழியாகக் கிடைத்தது என்பதால் அதையும் சந்தேகித்தார்கள். கார்டும் குரூகரும் அரசின் பதிவுகளை வைத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். இம்முறை பெரிய உயர்வும் இல்லை, பெரிய சரிவும் இல்லை. முதல் கட்டுரையின் 2.76 மிகை என்றே கொள்ளலாம். ஆனால் பெருவாரியாக வேலை போகும் என்ற கணிப்பும் பலிக்கவில்லை. கார்டுக்கு 2021-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்.

கூலி ஏறியும் ஆள் குறையாமல் இருப்பது எப்படி? கொஞ்சம் விலையில் போனது. நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டின் விலை அக்கரையைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதலாக ஏறியது, அதாவது வாடிக்கையாளர் கொடுத்தார். இன்னொரு விளக்கம் 1933-இலேயே ஜோன் ராபின்சன் எழுதியதிலிருந்து வருகிறது.

ஒரு கற்பனைக் கடையில் பத்துப் பேர் 4.25 டாலருக்கு வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். பதினோராவது ஆள் 4.75 கொடுத்தால்தான் வருவார். அவருக்குக் கொடுத்தால் பழைய பத்துப் பேரும் சும்மா இருக்கமாட்டார்கள். அவர்களுக்கும் ஆளுக்கு 50 சென்ட் ஏற்ற வேண்டும். அப்போது புதிய ஆளால் ஆகும் செலவு மணிக்கு 4.75 அல்ல, 9.75 டாலர். முதலாளி யோசித்துவிட்டு, ‘ஆட்கள் தேவை’ பலகையை மாட்டியபடியே பத்துப் பேரோடு ஓட்டுவார். இப்போது சட்டம் எல்லோருக்கும் 4.75 கொடு என்கிறது. பத்துப் பேருக்கும் ஏற்றியாகிவிட்டது. பதினோராவது ஆளுக்கு ஆவது வெறும் 4.75. இனி அவரைச் சேர்த்துக்கொள்வதில் நட்டமில்லை. ஆனால் சட்டம் 9 டாலர் என்று சொன்னால் கதை மாறிவிடும். அவ்வளவுக்கு ஈடாக வேலை நடக்காத கடை ஆளைக் குறைக்கும், அல்லது மூடும். ஆகவே எவ்வளவு உயர்வு, அந்த ஊரின் வழக்கமான கூலிக்கு அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

சியாட்டில் நகரம் அந்த எல்லையைத் தொட்டுப் பார்த்தது. 15 டாலரை நோக்கிப் படிப்படியாக ஏற்றி, 2016-இல் பெரிய நிறுவனங்களுக்கு 13 டாலர் ஆக்கியது. அந்த மாநிலம் வேலை செய்த மணி நேரத்தையும் பதிவு செய்கிறது. தலைகளை மட்டும் எண்ணினால், ஆளை நிறுத்தாமல் ஷிப்டை வெட்டுவது கண்ணில் படாது. வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு அந்தப் பதிவுகளைப் பார்த்து, குறைந்த கூலி வேலைகளில் நேரம் சுமார் 9 விழுக்காடு குறைந்து, மாத வருமானம் சராசரியாக 125 டாலர் இறங்கியதாக 2017-இல் அறிவித்தது. அதே சமயம் உணவகங்களை ஆராய்ந்த பெர்க்லி குழுவுக்கு வேலை இழப்பே தென்படவில்லை. விமர்சகர்களும் ஓர் ஓட்டையைக் காட்டினார்கள்: அந்தக் குழு மணிக்கு 19 டாலருக்குக் கீழான வேலைகளைத்தான் எண்ணியது. சியாட்டிலோ அப்போது கொழித்துக்கொண்டிருந்த நகரம். நல்ல காலத்தால் கூலி 19-ஐத் தாண்டியவர்களும் வேலை இழந்தவர்கள் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

குழு மறுபடி இறங்கி, ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தது. அனுபவம் கூடியவர்களுக்கு வருமானம் ஏறியிருந்தது. அனுபவம் குறைந்தவர்களுக்கு ஏறிய கூலியைக் குறைந்த நேரம் ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டது. முதன்முறையாக வேலைக்கு வருவோரின் எண்ணிக்கையோ குறைந்திருந்தது.