பெயருக்குக் கீழே ஓடும் வரி

டி.வி. விவாதத்தில் பேசுபவரின் பெயருக்குக் கீழே நான்கைந்து சொற்களுக்குத்தான் இடம் இருக்கும். 'பொருளாதார நிபுணர்', 'ராணுவ ஆய்வாளர்', நம்மூரில் என்றால் எதற்கும் பொருந்தும் 'அரசியல் விமர்சகர்'. பெரும்பாலும் விருந்தினரே அனுப்பிய அறிமுகக் குறிப்பிலிருந்துதான் அந்தச் சொற்கள் எடுக்கப்படுகின்றன. இரவு நிகழ்ச்சிக்கு மதியம் ஆள் தேடும் ஒருங்கிணைப்பாளருக்குப் பத்துப் பக்க பயோடேட்டாவைப் புரட்ட நேரமிருக்காது. நூறு சொற்களுக்குள் அவருக்கு வேண்டியது கிடைத்தாக வேண்டும்.

உதாரணத்துக்கு, ஒரு கடலியல் பேராசிரியரை எடுத்துக்கொள்வோம். 'பல விருதுகள் பெற்ற மூத்த அறிஞர்' என்று எழுதினால் நிருபருக்கு ஒரு பயனும் இல்லை. 'துறைமுகச் சுவருக்கு வடக்கே கரை அரிக்கப்படுவது ஏன் என்று ஆராய்பவர். தூண்டில் வளைவுகள், மணல் நகர்வு பற்றிக் கருத்துச் சொல்வார். புயல் கணிப்பு இவர் துறையல்ல' என்று எழுதினால் வேலை முடிந்தது. கடைசி வாக்கியத்தை எழுதத்தான் பலருக்கு மனம் வருவதில்லை. அது இல்லாவிட்டால் புயல் நாளன்று முதல் போன் இவருக்குத்தான் வரும். மறுக்கக் கூச்சப்பட்டுப் போய் உட்கார்ந்தால், தெரியாததையும் சொல்ல நேரும்.

இன்னொரு வரியும் அடிக்கடி விடுபடுகிறது. அமெரிக்காவில் பாரி மெக்கஃப்ரி என்ற ஓய்வுபெற்ற ஜெனரல், இராக் போர்க் காலத்தில் என்.பி.சி. தொலைக்காட்சியின் ராணுவ ஆய்வாளராக இருந்தார். 1991 வளைகுடாப் போரில் ஒரு டிவிஷனுக்குத் தலைமை தாங்கியவர். ஆக, அறிமுகத்தில் பொய் ஏதுமில்லை. ஆனால் 2007 ஜூனில் ஒரு ராணுவத் தளவாட நிறுவனத்துக்கு அவர் ஆலோசகரானார். இராக்குக்கு 5,000 கவச வாகனங்கள் விற்க முயன்ற நிறுவனம் அது. சில நாட்களிலேயே, இராக்கில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை வகித்த ஜெனரல் பெட்ரேயஸுக்கு அந்த நிறுவனத்தைப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதினார். திரையில் அவரைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொடர்பு சொல்லப்படவில்லை. 2008-இல் நியூயார்க் டைம்ஸில் டேவிட் பார்ஸ்டோ இதை விரிவாக எழுதினார். ஓய்வுபெற்ற ஜெனரல்கள் பலரைப் பற்றிய அந்தப் புலனாய்வுக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. தன் கருத்துகளில் சொந்த லாபத்துக்கு இடமில்லை என்றே மெக்கஃப்ரி தரப்பு மறுத்தது.

அது உண்மையாகவே இருக்கலாம். அதை எடைபோடும் வாய்ப்பு பார்ப்பவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் குறை.

ஆகவே, 'இந்தத் துறையில் உங்களுக்குப் பணம் தருவது யார்?' என்று ஒருங்கிணைப்பாளர் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. குறிப்பு எழுதுபவரும் அந்தத் தகவலைக் கடைசியில் ஒதுக்காமல், பதவியை ஒட்டியே எழுத வேண்டும். இடம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது கடைசி வரிதான். அப்படி எழுதினாலும் திரையின் பட்டையில் அது அடங்காது. விருந்தினரை அறிமுகப்படுத்தும்போது நெறியாளர்தான் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.