தொட்டிக்குள் இறங்கும் முன் ஒரு தாள்

தோல் ஆலைக் கழிவுநீர்த் தொட்டியில் நீரை இறைத்துவிட்டால் ஆபத்து போய்விட்டதாகத் தோன்றும். உண்மையில் அடியில் தங்கிய சேற்றைக் கிளறும்போதுதான் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. அழுகிய முட்டை நாற்றம்தான் அதன் அடையாளம். ஆனால் அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றதை நிம்மதி என்று எண்ணுவது பெரும்பிழை.

அதனால்தான் தொழிற்சாலைகள் சட்டம், 1948, பிரிவு 36 எழுத்துச் சான்று கேட்டது.

நல்ல அனுமதிச் சீட்டு, எந்தத் தொட்டி, என்ன வேலை, எத்தனை மணி வரை என்று தொடங்கும். உள்வரும் குழாய்களை அடைத்து, கலக்கியின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டியாயிற்றா? அடுத்து, வாயுமானியைக் கயிற்றில் இறக்கி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். வாயிலில் மட்டும் அளந்து எழுதிய எண்ணுக்கு மதிப்பில்லை. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது.

சீட்டில் கையெழுத்திடும் மேற்பார்வையாளர், இறங்குபவர், வாயிலில் நிற்கும் காவலர் மூவரும் வேறு வேறு ஆட்கள். காவலருக்கு வேறு வேலை தரக்கூடாது. உள்ளே இருப்பவர் மயங்கினாலும் அவர் இறங்கக்கூடாது. உதவிக்கு இறங்கியவர்களே அடுத்தடுத்துச் சாவது இத்தகைய விபத்துகளில் வாடிக்கை. அவர் கூச்சலிட்டு ஆள் கூப்பிட்டு, முக்காலியில் கட்டிய கயிற்றைச் சுழற்றி இழுக்க வேண்டும்.

வாயுமானி ஒலித்தாலோ, காற்றோட்ட விசிறி நின்றாலோ, குரலுக்குப் பதில் வராவிட்டாலோ எல்லோரும் வெளியே வர வேண்டும். சீட்டும் அத்துடன் செல்லாது. மீண்டும் இறங்க, மீண்டும் அளந்து, புதிய சீட்டு.