ஸ்பானிய மொழியில் பசியும் அச்சமும் உடைமைப் பொருள்கள்

ஸ்பானிய மொழியில் ‘தெனேர்’ என்பது உடைமையைக் குறிக்கும் வினைச்சொல். வீடும் நூலும் உடையவர் அவ்வினையையே ஆள்வர். பசி, தாகம், அகவை, அச்சம், சொல்வது சரியாக இருத்தல் ஆகியவற்றுக்கும் அதே வினை வருகிறது. ‘தெங்கோ ஆம்ப்ரே’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நான் பசியை உடையேன்’ என்றாகும். ஆங்கிலம் இவ்விடங்களில் ‘இரு’ என்னும் பொருளுடைய வினையோடு பெயரடையைச் சேர்க்கிறது. நம் நாட்டு மாணவர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே ஸ்பானியம் கற்பதால், அவர்களின் பிழைகளும் அவ்வழியே வருகின்றன.

‘இரு’ வினையை இட்டுப் பிழை செய்வதை ஆசிரியர் எளிதில் கண்டு திருத்திவிடுவர். அதைக் காட்டிலும் நீடித்து நிற்பது ‘மிகவும்’ என்ற சொல்லில் எழும் பிழையாகும். பெயரடைக்கும் வினையடைக்கும் முன் ஸ்பானியத்தில் ‘முய்’ வரும். பெயர்ச்சொல்லுக்கு முன் ‘முச்சோ’ அல்லது அதன் பெண்பால் வடிவமாகிய ‘முச்சா’ வரும். ‘தெங்கோ’ என்று சரியாகத் தொடங்கும் மாணவரும் ‘தெங்கோ முய் ஆம்ப்ரே’ என்று முடிப்பதுண்டு. வினையை மனப்பாடம் செய்துள்ளார். ஆனால் பசி இங்கே ஒரு பெயர்ச்சொல் என்பது அவர் மனத்தில் பதியவில்லை. சரியான தொடர் ‘தெங்கோ முச்சா ஆம்ப்ரே’ என்பதே. ‘பசிக்கிறதா?’ என்னும் வினாவுக்கு ஸ்பானியர் ‘சீ, முச்சா’ என்று விடையிறுப்பர். பெயர் மறைந்தும் அதன் பால் விடையில் நிற்கிறது. தாகத்தைக் குறிக்கும் ‘செத்’ பெண்பால். ஆகவே ‘முச்சா செத்’. அச்சத்தைக் குறிக்கும் ‘மியேதோ’ ஆண்பால். ஆகவே ‘முச்சோ மியேதோ’.

‘ஆம்ப்ரே’ என்ற சொல்லில் மேலும் ஓர் இடர் உண்டு. அழுத்தமுள்ள ஆகார ஒலியில் தொடங்குவதால், பெண்பாற் சொல்லாயினும் ஒருமையில் அதற்கு நேர்முன் ‘எல்’ என்னும் சுட்டடையே வரும். அதைக் கண்டு ஆண்பால் எனக் கொண்டு ‘முச்சோ ஆம்ப்ரே’ என்பாரும் உளர். ‘எல்’ அங்கே ஓசை கருதி வந்ததேயன்றிப் பால் கருதி வந்ததன்று.

தமிழ் மாணவருக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழே இங்கு நல்ல வழி என்பது என் கருத்து. தமிழில் ‘தெனேர்’ போன்ற வினை பேச்சில் இல்லை. உடைமையை நான்காம் வேற்றுமையால் உணர்த்துகிறோம்: ‘எனக்கு வீடு உண்டு’. அதே அமைப்பில்தான் ‘எனக்குப் பசி’, ‘எனக்கு இருபது வயது’ என்கிறோம். உடைமைக்குரிய அமைப்பையே பசிக்கும் அகவைக்கும் நீட்டுவதில் இரு மொழியும் ஒன்றுபடுகின்றன. ‘மிகுந்த பசி’ என்று பெயரோடு சேரும் சொல்லையும் ‘மிகவும் பெரிய’ என்று அடையோடு சேரும் சொல்லையும் வேறுபடுத்தி அறிந்தவருக்கு ‘முச்சா’, ‘முய்’ வேறுபாடு புதிதன்று.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. தமிழில் பசித்தவர் எழுவாயாக நிற்பதில்லை. ஸ்பானியத்தில் அவரே எழுவாய். வினை அவரோடு இயையும்: எனக்காயின் ‘தெங்கோ’, உனக்காயின் ‘தியேனெஸ்’. அகவையில் இன்னொரு வேறுபாடு உள்ளது. நாம் வயதை எண்ணுகிறோம். அவர்கள் ஆண்டுகளை எண்ணுகின்றனர்: ‘தெங்கோ வெயிந்தே ஆஞோஸ்’. (இச்சொல்லின் ஞகரத்தை னகரமாக ஒலித்தால் அவையில் சொல்லத்தகாத உடலுறுப்பின் பெயராகிவிடும். ஞகரம் உடைய நமக்கு அந்த இடர் குறைவு.)

‘தியேனெஸ் ரசோன்’ என்பது ‘நீ சொல்வது சரி’ எனப் பொருள்படும். ‘ரசோன்’ என்பதற்கு அறிவு, காரணம், நியாயம் என்னும் பொருள்கள் உள. ‘நியாயம் உன் பக்கம் இருக்கிறது’ என்னும் நம் வழக்கு இதற்கு மிக அணுக்கமானது. இத்தொடர் ஆளுக்கே உரியது. தேர்வுத்தாளில் விடை சரியாக இருப்பதைக் கூற ‘தெனேர்’ வாராது. அங்கு ‘ஏஸ் கொர்ரெக்தா’ எனப் பெயரடையே வேண்டும். அப்பெயரடையைத் தம்மேல் ஏற்றிச் ‘சோய் கொர்ரெக்தோ’ என்பவர், தாம் நன்னடத்தை உடையவர் என்று சொன்னவராவார். ‘முழுக்க முழுக்கச் சரி’ என்பதற்கு ‘தியேனெஸ் தோதா லா ரசோன்’ என்பது வழக்கு. நியாயம் முழுவதும் உன்னுடையது என்பது அதன் நேர்ப்பொருள்.

அச்சத்துக்கு வேறொரு வாய்பாடும் பெருவழக்காக உள்ளது. ‘தெங்கோ மியேதோ’ என்பது அஞ்சுபவரின் நிலையைக் கூறும். ‘மே தா மியேதோ’ என்பது அச்சத்தின் காரணத்தை எழுவாயாக்கும். ‘மே’ எனக்கு, ‘தா’ தருகிறது, ‘மியேதோ’ அச்சம். நான்காம் வேற்றுமை இங்கே வந்துவிடுகிறது. அஞ்சுபவர் ஒருவரே ஆயினும், காரணம் பன்மையானால் வினையும் பன்மையாகும்: ‘லோஸ் பெர்ரோஸ் மே தான் மியேதோ’, அதாவது நாய்கள் எனக்கு அச்சம் தருகின்றன. ‘தா’ என்பது ‘தான்’ ஆனதற்குக் காரணம் நாய்களே என்பதைத் தமிழ் மாணவருக்கு நெடிது விளக்க வேண்டுவதில்லை.