பாதியில் நின்ற இரவு வேலை

வங்கியின் பகல் வேலை முடிந்ததும் கணினியில் இரவுநேர வேலைத்தொடர் தொடங்கும். அன்றைய வரவு செலவு பதிவானால்தான் இறுதி இருப்பு தெரியும். அது தெரிந்தால்தான் வட்டியைக் கணக்கிட்டு வரவு வைக்க முடியும். ஒரு படி தோற்றால், அதை நம்பியிருக்கும் படிகள் தொடங்கவே கூடாது.

வட்டி வரவு வைக்கும் படி இரவு 2 மணிக்கு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினால் பகல் பரிவர்த்தனைகள் மறுபடியும் பதிவாகிவிடும். அதனால் முடிந்த ஒவ்வொரு படியும் தேதியோடு நிலை அட்டவணையில் குறிக்கப்படுகிறது. மறு ஓட்டம் அதைப் பார்த்து, முடிந்தவற்றைத் தாண்டிச் செல்கிறது.

உண்மையான சிக்கல் பாதியில் நின்ற அந்தப் படியில்தான். 10,000 கணக்குகளில் 6,000 கணக்குகளுக்கு வட்டி ஏறியிருக்கும். அட்டவணையோ ‘முடியவில்லை’ என்றே சொல்லும். அப்படியே ஓட்டினால் அந்த 6,000 பேருக்கும் இரட்டை வட்டி. இதைத் தடுக்க, ஒவ்வொரு கணக்கின் வட்டி வரவும் ‘இந்தத் தேதிக்கு வட்டி தரப்பட்டது’ என்ற குறிப்பும் ஒரே பரிவர்த்தனையாக எழுதப்பட வேண்டும். அப்போது இரண்டும் பதிவாகும், அல்லது இரண்டுமே பதிவாகாது.

தவறு வட்டி விகிதத்திலேயே இருந்தால் தாண்டிச் செல்வதே ஆபத்து. ஏறிய வட்டியை எதிர்ப்பதிவால் நீக்கி, அந்தக் குறிப்புகளையும் கணக்கிடும் படியின் ‘முடிந்தது’ குறியையும் அழித்து, அங்கிருந்தே ஓட்ட வேண்டும்.